கோவலன் கொலைக்கு யார் பொறுப்பு?

மதுரைக்கு ஒற்றைச் சிலம்பை விற்க வந்த வெளியூர் வணிகன் ஒருவன், ஒரு வார்த்தை விசாரணைகூட இல்லாமல் வெட்டிக் கொல்லப்படுகிறான். சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் தெரிந்த செய்திதான் இது. ஆனால் அந்தக் கொலைக்கு யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். அரசியின் சிலம்பைத் திருடிவிட்டுப் பழியைக் கோவலன்மேல் போட்ட பொற்கொல்லன் என்பார் ஒருவர். ஆராயாமல் ஆணையிட்ட பாண்டியன் என்பார் இன்னொருவர். எல்லாம் ஊழ்வினை என்பார் மூன்றாமவர். மூவருக்கும் காப்பியத்திலேயே சான்று இருக்கிறது.

சமயவியல் படிக்கும் இளங்கலை மாணவர்கள் இந்தக் காப்பியத்தைக் கையில் எடுக்கும்போது பெரும்பாலும் பதிகத்திலிருந்து தொடங்குகிறார்கள். அரசியலில் தவறியவனுக்கு அறமே எமனாகும், கற்புடைய பெண்ணை உயர்ந்தோரும் போற்றுவர், முன்செய்த வினை தேடிவந்து பலனைக் கொடுக்கும் என்று நூலின் நோக்கங்களாக அங்கே மூன்று சொல்லப்படுகின்றன. தேர்வுக்கு இது போதும். ஆனால் முதலாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு சிக்கல் எழுகிறது. கோவலன் சாக வேண்டியது முன்வினைப்படி முடிவானது என்றால், அரசன் செய்த பிழை என்ன? அரசன் பிழைதான் காரணம் என்றால், வினைக்கு அங்கே என்ன வேலை? காப்பியம் இந்தச் சிக்கலை மறைக்கவில்லை. அதன் மதுரைக் காண்டம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நகர்கிறது.

கொலை எப்படி நடந்தது என்பதை முதலில் பார்க்கலாம். ஆடல் மகளிரின் கூத்தில் அரசன் மனம் சென்றதாக எண்ணிய அரசி, தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அவள் ஊடலைத் தணிக்க அரசன் அந்தப்புரம் நோக்கிப் போகிறான். அந்த நேரம் பார்த்துப் பொற்கொல்லன் வழியில் விழுந்து வணங்கி, சிலம்பு திருடியவன் தன் குடிலில் இருக்கிறான் என்கிறான். நின்று கேட்க அரசனுக்குப் பொறுமை இல்லை. காவலர்களை அழைத்து, தேவியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருக்குமானால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவரும்படி சொல்லிவிட்டு நடக்கிறான். கவனித்துப் படித்தால் இந்த ஆணைக்குள் ஒரு நிபந்தனை இருப்பது தெரியும். சிலம்பு அரசியுடையதா என்று பார்த்த பிறகே மற்றது. அந்தச் சோதனையை யார் செய்வது என்று மட்டும் அரசன் சொல்லவில்லை. செய்தவன் திருடனே.

இந்த இடத்தில் இளங்கோவடிகள் தம் குரலிலேயே ஒன்று சொல்கிறார்: வினை பலன் தரும் காலம் வந்துவிட்டதால் அரசன் ஆராயாதவனாகிவிட்டான். காரணம் வினை, விளைவு ஆராயாமை. ஆனால் கதை இத்தோடு முடிந்துவிடுவதில்லை. காவலர்கள் கோவலனைப் பார்த்தவுடன் தயங்குகிறார்கள். இவன் தோற்றம் கொலைக்குரிய கள்வனுடையதாக இல்லை என்று ஒருவன் வாய்விட்டே சொல்கிறான். உடனே பொற்கொல்லன் களவுநூலை விரித்து, கள்வர்கள் நம்பியிருக்கும் துணைகள் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டு என்று பாடம் நடத்துகிறான். ஒரு இளைஞன், மழைக்கால இருட்டில் தன் வாளைப் பறித்துக்கொண்டு மாயமான திருடனைப் பற்றிச் சொல்கிறான். பேச்சு வளர்ந்துகொண்டே போகிறது. கடைசியில் கல்வியறிவில்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

நிறுத்தியிருக்கக்கூடிய இடங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அரசன் நின்று கேட்டிருக்கலாம். காவலர் கோவலனைச் சபைக்கு அழைத்துப் போயிருக்கலாம். சிலம்பை அரசியிடம் காட்டியிருக்கலாம். ஒவ்வொரு வாசலும் திறந்துதான் இருந்தது, ஒவ்வொன்றிலும் ஒரு மனிதன் தவறினான். வினை எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டது என்று மட்டும் காட்ட நினைத்த புலவருக்கு இவ்வளவு விவரம் தேவைப்பட்டிருக்காது.

அடுத்தது வழக்குரை காதை. கண்ணகி அரசவையில் வினையைப் பற்றிப் பேசவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தேவியின் சிலம்பின் பரல் முத்து என்கிறான் பாண்டியன். உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உடைத்தார்கள், மாணிக்கம் தெறித்தது. கோவலன் உயிரோடு இருந்தபோது செய்திருக்க வேண்டிய அதே சோதனை, அவன் இறந்த பிறகு நடக்கிறது. பாண்டியன் அதைப் பார்த்ததும் நானே கள்வன் என்று தனக்குத் தானே தீர்ப்பெழுதி அரியணையிலிருந்து விழுந்து இறக்கிறான். ஊழ் என்னைத் தூண்டியது என்று அவன் சொல்லவில்லை. வினை என்ற சமாதானம் அவனுக்கு எளிதில் கிடைத்திருக்கும். அதை அவன் எடுத்துக்கொள்ளாததால்தான் அந்தக் காட்சிக்கு இத்தனை வலிமை.

முற்பிறவிக் கதை வருவது இதற்கெல்லாம் பிறகு. முப்பது காதைகளில் இருபத்து மூன்றாவதான கட்டுரை காதையில்தான் அது சொல்லப்படுகிறது. அரசன் இறந்தாகிவிட்டது, கண்ணகி மதுரையை எரித்தாகிவிட்டது. அப்போது மதுராபதி என்னும் அந்நகரின் தெய்வம் கண்ணகியின் பின்னால் வந்து நின்று பேசுகிறது. சொல்வது யார் என்பதை மாணவர்கள் மறக்கக்கூடாது. அது நடுநிலையான சாட்சி அல்ல. பாண்டியர் குலத்தைக் காக்கும் தெய்வம். அதன் பேச்சு ஒரு வழக்கறிஞரின் வாதம் போலவே அமைந்திருக்கிறது: முதலில் கட்சிக்காரரின் நற்பெயர், பிறகு நிகழ்ந்ததற்கு மாற்றுக் காரணம்.

நற்பெயருக்கு அது சொல்லும் ஒரு கதை இங்கே மிக முக்கியம். சோழநாட்டுப் பார்ப்பனன் பராசரன், சேரனிடம் பரிசாகப் பெற்ற செல்வத்தோடு திரும்பும் வழியில் திருத்தங்கால் என்னும் ஊரில் தங்குகிறான். அங்கே தன்னோடு பிழையில்லாமல் வேதம் ஓதிய வார்த்திகன் மகனான சிறுவனுக்கு அணிகலன்களைப் பரிசளித்துவிட்டுப் போகிறான். குடும்பம் திடீரென்று நகையும் செழிப்புமாய் இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட அரசு ஊழியர்கள், புதையலைக் கவர்ந்தான் என்று வார்த்திகனைச் சிறையில் போடுகிறார்கள். அவன் மனைவி கார்த்திகை தரையில் புரண்டு அழுகிறாள். கொற்றவை கோயில் கதவு திறக்க மறுக்கிறது. அரசன் பதறிப்போய் என்ன கொடுமை நடந்தது என்று விசாரிக்கிறான். உண்மை தெரிந்ததும் வார்த்திகனை விடுவித்து, மன்னிப்புக் கேட்டு, ஊர்களைத் தானமாகக் கொடுத்து அவன்முன் நிலத்தில் விழுந்து வணங்குகிறான். கோயில் கதவு திறந்துகொள்கிறது.

நகை வைத்திருந்ததற்காகத் திருடன் என்று குற்றம் சாட்டப்பட்ட நிரபராதி, அழும் மனைவி, பாண்டிய அரசு. கோவலன் வழக்கின் அதே உறுப்புகள். வேறுபாடு ஒன்றுதான்: இங்கே அரசன் கேட்டான். பாண்டியரின் நேர்மைக்குச் சான்றாக மதுராபதி இதைச் சொல்கிறது. ஆனால் படிப்பவருக்கு இது எதிர்ச்சான்றாகவும் ஆகிவிடுகிறது. விசாரிக்கும் வழக்கம் அந்த நாட்டில் இருந்தது, விசாரித்தால் உயிர் பிழைத்தது என்றால், நெடுஞ்செழியனின் தவறு இன்னும் பெரிதாகத்தானே தெரியும்? இளங்கோவடிகள் அறியாமல் வைத்த கதையாக இதைக் கொள்ள முடியவில்லை.

பிறகுதான் முற்பிறவி வருகிறது. கலிங்க நாட்டில் சிங்கபுரத்தை வசு என்பவனும் கபிலபுரத்தைக் குமரன் என்பவனும் ஆண்டார்கள். உறவினர்களான அவ்விருவருக்கும் இடையே பகை. அந்தப் போர்க்காலத்தில் சங்கமன் என்ற வணிகன் மனைவி நீலியோடு சிங்கபுரம் வந்து கடைத்தெருவில் நகை விற்கிறான். அரசனிடம் வேலை பார்த்த பரதன், இவன் பகைவனின் ஒற்றன் என்று பிடித்துக்கொடுத்துக் கொல்ல வைக்கிறான். நீலி பதினான்கு நாள் தெருத்தெருவாக அழுது திரிந்து, எங்களுக்கு இதைச் செய்தவர்கள் இதையே அடையட்டும் என்று சபித்து, மலையேறி உயிரை விடுகிறாள். அந்தப் பரதன்தான் கோவலன். பதினான்கு நாள் கழித்து கண்ணகி தன் கணவனைத் தெய்வ வடிவில் காண்பாள் என்று மதுராபதி முடிக்கிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் கணக்கு நேராகிவிட்டது. அயலூரில் நகை விற்க வந்த ஒருவனைப் பொய்ப்பழி சொல்லிக் கொல்ல வைத்தவன், அயலூரில் நகை விற்கப் போய்ப் பொய்ப்பழியால் கொல்லப்படுகிறான். ஆனால் இந்தக் கணக்கில் கண்ணகிக்கு இடம் இல்லை. சாபம் கொடுத்தவள் நீலி, குற்றம் செய்தவன் பரதன். நீலியைப் போலவே கணவனை இழந்து தெருவில் அழ வேண்டிய கண்ணகி என்ன செய்தாள்? புகாரிலேயே தோழி தேவந்தி ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறாள். முற்பிறவியில் கணவன் பொருட்டுச் செய்ய வேண்டிய நோன்பு ஒன்றில் கண்ணகி தவறினாள், ஆகவே சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் நீர்த்துறைகளில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவனோடு வாழலாம் என்கிறாள். அது பெருமையாகாது என்று கண்ணகி ஒரே வார்த்தையில் மறுத்துவிடுகிறாள். வினைக்குப் பரிகாரம் தேடும் வழி காப்பியத்தில் காட்டப்படுகிறது, கதாநாயகி அதன்வழி போகவில்லை. மதுராபதி சொன்ன விளக்கத்துக்கும் அவள் உடன்பாடோ மறுப்போ சொல்லவில்லை. கணவனைக் காணும்வரை இருக்கவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்று சொல்லி, வளையலை உடைத்து, மேற்கு வாயில் வழியே தனியாக வெளியேறுகிறாள்.

கோவலன் பக்கமும் பார்க்க வேண்டும். அடைக்கலக் காதையில் மாடலன் என்னும் மறையவன் கோவலன் செய்த நற்செயல்களை வரிசையாகச் சொல்கிறான். மதயானையின் பிடியில் சிக்கிய முதியவரைக் காத்தது ஒன்று. பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்த கீரியை அடித்துவிட்டுக் கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்குத் தானம் செய்து பாவம் தீர்த்து, கணவனோடு சேர்த்து வைத்தது இன்னொன்று. மூன்றாவது கதையில்தான் வினைக் கோட்பாட்டின் ஒரு விதியே வெளிப்படுகிறது. புகாரில் பொய்சொல்வோரைப் பிடித்துத் தின்னும் சதுக்கப்பூதம் ஒன்று உண்டு. ஒரு பத்தினிமீது பொய்ச்சாட்சி சொன்னவனை அது பாசக்கயிற்றால் கட்டுகிறது. அவன் தாயின் அழுகையைத் தாங்காமல் கோவலன் கயிற்றுக்குள் தானே புகுந்து, என்னுயிரை எடுத்துக்கொண்டு இவனை விடு என்கிறான். தீயவன் உயிருக்கு ஈடாக நல்லவன் உயிரைக் கொள்ளும் வழக்கம் எனக்கில்லை என்று பூதம் மறுத்துவிடுகிறது. பொய்ச்சாட்சிக்காரனைக் கோவலன் கண்முன்னேயே கொன்று தின்கிறது. கோவலன் அந்தக் குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் பொருள் கொடுத்துக் காப்பாற்றுகிறான்.

ஒருவர் வினையை இன்னொருவர் சுமக்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. இந்த நல்லவன் ஏன் துன்பப்படுகிறான் என்று மாடலனே திகைத்துப் போய், இந்தப் பிறவியில் நான் அறிந்தவரை எல்லாம் நல்வினைதான், இது முற்பிறவியின் பயனாக இருக்க வேண்டும் என்கிறான். அந்த நேரத்தில் அது அவனுடைய ஊகம் மட்டுமே. காரணம் தெரியாத துன்பத்துக்கு மனிதர்கள் விளக்கம் தேடும் கணத்தைக் காப்பியம் இங்கே பிடித்து வைத்திருக்கிறது. சமயவியல் மாணவருக்கு முற்பிறவிக் கதையைவிட இந்தத் திகைப்பு பெரிய சான்று.

சதுக்கப்பூதத்தின் விதியை நினைவில் வைத்துக்கொண்டு நீர்ப்படைக் காதைக்கு வந்தால் அதிர்ச்சி காத்திருக்கிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், பத்தினித் தெய்வமான கண்ணகிக்கு ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டான் என்று மாடலன் செங்குட்டுவனிடம் சொல்கிறான். நூலின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரை இன்னும் கொஞ்சம் சொல்கிறது: பாண்டிய நாட்டில் மழை பொய்த்து, வெப்பு நோயும் கொப்புள நோயும் பரவின, பலியும் விழாவும் செய்தபின் நாடு நலம் பெற்றது. குற்றம் செய்தவன் ஒருவன், செத்தவர்கள் ஆயிரம் பேர். அவரவர் வினை அவரவர்க்கு என்ற கணக்கு இங்கே எடுபடாது. மதுரையை எரிக்கும்போதுகூடப் பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயோர் பக்கம் சேரும்படி கண்ணகி தீக்கடவுளிடம் சொல்லியிருந்தாள். கொற்கையில் அப்படி யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

இதற்கு வினைக் கோட்பாட்டுக்குள் விடை தேடினால் கிடைக்காது. வேறொரு சமய உணர்வு இங்கே வேலை செய்கிறது. கொடுமைக்கு ஆளாகி இறந்த பெண்ணின் சினம் நாட்டைத் தாக்கும், அதைப் பலியால் தணிக்க வேண்டும் என்ற நம்பிக்கை அது. சமணத் துறவி எழுதியதாக மரபு சொல்லும் நூலில், உயிர்ப்பலி இப்படிக் கண்டனம் இல்லாமல் பதிவாகியிருப்பது கவனிக்க வேண்டிய செய்தி. நூலாசிரியரின் சமயத்தை வைத்து நூலின் சமயத்தை முடிவுகட்டுவது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த ஒரு இடமே போதும்.

அந்தக் குடும்பத்தையே பாருங்கள். துயரச் செய்தி புகாருக்கு வந்ததும் கோவலனின் தந்தை பொருளையெல்லாம் தானம் செய்துவிட்டுப் பௌத்தத் துறவியருடன் சேர்கிறார். கண்ணகியின் தந்தை ஆசீவகரிடம் அறம் கொள்கிறார். எல்லாம் நியதிப்படி நடக்கும், முயற்சியால் மாற்ற முடியாது என்றவர்கள் ஆசீவகர். மாதவி பௌத்தத்தில் புகுகிறாள். வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறார். ஒரே சாவு, அதைத் தாங்கிக்கொள்ள ஒவ்வொருவரும் ஒவ்வொரு சமயத்திடம் போகிறார்கள். வினை என்ற சொல் எல்லோருக்கும் பொது. அதற்கு என்ன செய்வது என்பதில்தான் பிரிகிறார்கள்.

அரசனின் பொறுப்புப் பற்றிய கேள்விக்குக் காப்பியம் தரும் மிகச் செறிவான விடை செங்குட்டுவன் வாயிலிருந்து வருகிறது. மலைவளம் காணப் போன இடத்தில் சாத்தனாரிடம் பாண்டியன் முடிவைக் கேட்டதும், வலிய வினை வளைத்துவிட்ட கோலைப் பாண்டியன் தன் உயிரைக் கொடுத்து நிமிர்த்திவிட்டான் என்று சேரன் சொல்கிறான். கோல் வளைந்ததில் வினைக்குப் பங்கு உண்டு. ஆனால் அதை நிமிர்த்துவது அரசன் கடமை, அதற்கு வினையைச் சாக்காகச் சொல்ல முடியாது. பிற்பாடு வாழ்த்துக் காதையில் தெய்வமாகிவிட்ட கண்ணகியே பாண்டியன் குற்றமற்றவன், நான் அவன் மகள் என்று அறிவிக்கிறாள். முற்பிறவி விளக்கத்தைக் கேட்டு அவள் மன்னித்ததாகப் புலவர் எங்கும் எழுதவில்லை. பொறுப்பை ஏற்றுக்கொண்டு இறந்தவனைத்தான் அவள் தந்தையாக ஏற்கிறாள் என்றே படிக்கத் தோன்றுகிறது.

கதை இங்கேயும் நிற்கவில்லை. சாத்தனார் இயற்றிய மணிமேகலையில், வஞ்சி மாநகர் புக்க காதையில், கண்ணகியின் கோயிலுக்கு மணிமேகலை வருகிறாள். பத்தினிப் படிமம் அவளிடம் பேசுகிறது. பரதனும் சங்கமனும் நீலியும் அங்கே மீண்டும் வருகிறார்கள். ஆனால் அதன்பின் கண்ணகி தன்னைப் பற்றியே ஒன்று சொல்கிறாள். மதுரையை எரித்த சினத்தின் பாவம் என்னை விடாது, இப்போதைய நல்வினைப் பயன் தீர்ந்ததும் அதை அனுபவித்தே ஆக வேண்டும், புத்தர் தோன்றி அறம் உரைக்கும் காலத்தில் அதைக் கேட்டுத்தான் விடுதலை பெறுவேன் என்கிறாள். சிலம்பில் வழிபாட்டுக்குரிய தெய்வம், பௌத்தக் காப்பியத்தில் வினைச் சங்கிலியின் ஒரு கண்ணியாக மாறிவிடுகிறது. நியாயமான சினமும் பாவமே என்பது அந்தப் பௌத்தத் தீர்ப்பு. சிலப்பதிகாரம் அந்தத் தீர்ப்பை எழுதவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதிகத்தின்படி, மதுராபதி கண்ணகியிடம் பேசியதை மதுரை வெள்ளியம்பலத்தில் நள்ளிரவில் படுத்திருந்தபடி கேட்டவர் இதே சாத்தனார். முற்பிறவிக் கதை இளங்கோவடிகளுக்கு வந்து சேர்ந்த வழி அதுதான் என்று நூலே சொல்கிறது. இரண்டு காப்பியங்களுக்கும் பொதுவான அந்தச் செய்திக்கு மனித சாட்சி ஒருவர்தான். பதிகம் யார் எழுதியது, வஞ்சிக் காண்டம் முதலிலிருந்தே நூலில் இருந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே பதிகத்தின் மூன்று நோக்கங்களையே காப்பியத்தின் முழுத் தத்துவமாக எடுத்துக்கொள்வதற்கு மாணவர்கள் அவசரப்படக்கூடாது.

உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892-லும் மணிமேகலையை 1898-லும் அச்சில் கொண்டுவந்தார். இன்று இரண்டுக்கும் எளிய உரைகள் நிறையக் கிடைக்கின்றன. முழு நூலையும் படிக்க நேரமில்லாதவர்கள் கொலைக்களக் காதை, வழக்குரை காதை, கட்டுரை காதை, மணிமேகலையின் வஞ்சி மாநகர் புக்க காதை ஆகிய நான்கையும் இதே வரிசையில் படியுங்கள். வினை என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: சொல்வது யார், யாரிடம், கொலைக்கு முன்பா பின்பா.